ஏப்ரலில் பெய்த மழை

இரண்டு நாள் லீவு முடிந்து வந்த வேல்விழி, பிரான்சின் லியோனிலிருந்து வாடிக்கையாளர் மதாம் மோரேல் அனுப்பியிருந்த மெயிலைத் திறந்தாள். 'அக்டோபரில் காலண்டர் தாமதமானபோதும் இதே வரிகள், இதே மழை. ஏப்ரலிலுமா? என் மெயிலை அங்கே யாராவது படிக்கிறீர்களா? பதில் சரியில்லை என்றால் பள்ளி டைரி ஆர்டரை வேறு அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவேன்.'

திருத்தங்கல் அச்சகத்தில் பிரெஞ்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். விலை சொல்ல, பாக்கி கேட்க, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி மெயில் எழுதிச் சேர்த்திருந்தாள். நடு வரிகள் அப்படியே இருக்கும். முதல் வரி மட்டும் வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதைத் தொட்டுப் புதிதாக எழுதவேண்டும். முடிவு, பழக்கத்தைப் பொறுத்தது: புது ஆளுக்கு நீட்டி முழக்கிய வணக்கம், பழகியவருக்கு 'அன்புடன்' போதும். மன்னிப்பு மாதிரியில் தாமதத்தின் காரணத்தைக் காலியாக விட்டிருக்க வேண்டும். காலண்டர் சீசன் நெருக்கடியில் அக்டோபர் மழையை அழிக்காமலே விட்டிருந்தாள்.

"டைரி லேட்டுக்கு மன்னிப்பு மெயிலை யார் சார் அனுப்புனது?"

முதலாளி மகன் ஹரிஷ்குமார் நிமிரவில்லை. "நான்தான். நீ இல்லையே. பேரையும் தேதியையும் மாத்துனேன். அம்புட்டும் நீ எழுதுனதுதானம்மா."

"ஏப்ரல்ல எங்கன சார் மழை பேஞ்சுச்சு? மூணு வருசமாப் பேசுறவங்களுக்கு முன்னப்பின்ன தெரியாத ஆளுக்குப் போடுற வணக்கம் வேற."

"சரி, கோவப்படாத. வேற காரணம் போடு. மிசின் ரிப்பேருன்னு போடு."

மெஷின் நன்றாகத்தான் ஓடியது. எம். புதுப்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததில் அவள் சித்தி செல்வலட்சுமி போய்விட்டாள்; வேல்விழி லீவு போட்டது அதற்குத்தான். பைண்டிங் பெண்களில் பாதிப் பேர் அந்த ஊர்தான். சாவு வீட்டை விட்டு வரவில்லை. இந்த ஆர்டரும் போனால் அவர்களுக்கு மிச்சமிருப்பது அதே பட்டாசு ஆலைதான்.

மன்னிப்பு மாதிரியைத் திறந்தாள். ஒரு வரியும் இதற்குப் பொருந்தவில்லை. மூடிவிட்டு வெற்றுப் பக்கத்தில் எழுதினாள்: 'மழை பெய்யவில்லை, மதாம். நீங்கள் கேட்டது சரி. பக்கத்து ஊரில் ஆலை வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். ஒருவர் என் சித்தி. உங்கள் டைரிகளைத் தைக்கும் பெண்கள் அந்தச் சாவு வீடுகளில் இருக்கிறார்கள். பத்து நாள் கொடுங்கள்.'

ஹரிஷிடம் காட்டாமலே அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. மதாம் இரண்டு வாரம் கொடுத்திருந்தார். சித்தியின் பெயரையும் கேட்டிருந்தார்.

ஹரிஷ் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன எழுதினாள், என்ன பதில் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். "பரவால்லையே! இதையும் உன் ஃபோல்டர்ல போட்டு வையி. அடுத்த தடவ ஆவும்."

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்த தடவை உண்டு என்பது அவளுக்கும் தெரியும்.

"அடுத்த தடவ செத்தவக பேரை விசாரிச்சு நீங்களே எழுதுங்க சார்" என்றாள். மதாமுக்குச் சித்தியின் பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.