நூறு கையெழுத்து

என் தறியை ஜப்தி செய்த தண்டல்காரர் முத்துக்கருப்பன், இப்போது காய்கறிக்காரி இருளாயி மேல், இன்னும் வட்டி பாக்கி என்று வழக்குப் போட்டிருந்தார். நான் அவளுடைய வக்கீலின் குமாஸ்தா.

"நூத்துக்குப் பத்துதான் வட்டி, எசமான்" என்றார் முத்துக்கருப்பன் கோர்ட்டில்.

தினவசூலுக்கு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தண்டல் அட்டையை வைத்து நான் போட்ட கணக்கை வக்கீல் வாசித்தார். நூறு ரூபாய்க் கடனில் கையில் கொடுத்தது தொண்ணூறு. தினம் ஒரு ரூபாயாக நூறு நாள் வசூல். அசல் தினமும் குறைவதால் அவளிடம் சராசரியாக இருந்தது நாற்பத்தைந்துதான். அதற்கு நூறு நாளில் பத்து ரூபாய் என்றால், வருஷத்துக்கு நூற்றுக்கு எண்பது. வந்த ரூபாயை அன்றன்றே மறுபடி கடன் விட்டால் நூறையும் தாண்டும்.

"கையெழுத்து உம்முடையதா?" என்றார் நீதிபதி.

"நூறும் என்னோடதுதான், எசமான். ஒருநாள் விடலை" என்றார் பெருமையாக.

அவர் கேட்ட வட்டி தள்ளுபடியானது. வாசலில் முத்துக்கருப்பன் என்னை முறைத்தார்.

"இது வட்டிதாண்ணே" என்றேன். "என் தறிக்கு அசல் பாக்கி இருக்கு."