கிளம்பாத இன்சுலின்

பிரிக்பீல்ட்ஸில் உள்ள அந்த இணைய மருந்துக்கடையில், வாடிக்கையாளருக்கு எந்தச் செய்தி எப்போது போக வேண்டும் என்று அமைத்தவள் விஷ்ணுப்ரியா. ஆர்டர் உறுதியானது, மருந்து வழியில் இருக்கிறது, ஒப்படைக்கப்பட்டது. மூன்றே செய்திகள்.

மதியம் கம்போங் மேடானிலிருந்து மலர் என்ற பெண் அழைத்தாள்.

"அப்பாவோட இன்சுலின் வழியில இருக்குன்னு காலையிலேயே மெசேஜ் வந்துச்சு. இன்னிக்கு ராத்திரி ஊசிக்கு வீட்டுல மருந்து இல்ல. காத்திருக்கவா, கிளினிக்ல வாங்கவா?"

"ஒரு நிமிஷம் இருங்க அக்கா."

விஷ்ணுப்ரியா இன்னொரு போனில் கிள்ளான் கிடங்கிலிருக்கும் கிஷனை அழைத்தாள்.

"அது இங்க பிரிட்ஜ்லதான் இருக்கு," என்றான் அவன். "டெலிவரி ரைடர் நாளைக்குத்தான் வந்து எடுப்பான். ரெண்டு நாள் பொட்டலத்துக்கும் லேபல காலையிலேயே மொத்தமா அடிச்சிடுவோம்லா. லேபல் அடிச்சா 'வழியில இருக்கு'ன்னு மெசேஜ் போகணும்னு நீதானே வச்ச?"

அவள்தான் வைத்தாள். அவர்கள் எப்போது லேபல் அடிப்பார்கள் என்று கேட்டதே இல்லை. மலரின் அழைப்புக்குத் திரும்பினாள்.

"மருந்து இன்னும் கிளம்பல அக்கா. கிளினிக்ல வாங்கிடுங்க."



"அப்போ காலையில எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. விஷ்ணுப்ரியா நான்காவதாக ஒரு செய்தியைச் சேர்த்தாள்: 'மருந்து தயார், இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது.' 'வழியில் இருக்கிறது' என்பதை, ரைடர் பொட்டலத்தை ஸ்கேன் செய்யும் நேரத்துக்கு மாற்றினாள்.

மேலாளர் ரவிசங்கர் பின்னால் வந்து நின்றார்.

"கிடங்குல இருக்குன்னு சொன்னா கேன்சல் பண்ணிடுவாங்க, ப்ரியா."

"பண்ணட்டும் சார். வேற இடத்துல வாங்க நேரம் இருக்கும்."

திரையில் மலரின் ஆர்டர் ரத்தானது. காரணம்: கிளினிக்கில் கிடைத்துவிட்டது. ரவிசங்கர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தன் இருக்கைக்குத் திரும்பினார். அவள் மாற்றத்தைச் சேமித்தாள்.