வியாழக்கிழமைக்கு நாலு

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் என் பக்கத்தில் உட்காருகிறவள் சிந்துஜா. ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். எங்களைப் பிரித்து என்னை வேறு யார் பக்கத்திலாவது உட்கார வைப்பதென்றால், காலியாக இருப்பது கீர்த்தனா பக்கத்து இடம் ஒன்றுதான். கீர்த்தனா வகுப்புத் தலைவி. நான் தும்மினால்கூட அதைப் பெயர் எழுதும் நோட்டில் ஏற்றிவிடுவாள். அந்தக் கொடுமைக்குப் பேசாமல் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிடலாம்.

எங்கள் தமிழய்யா பரசுராமன் இந்த வருஷம் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். தினமும் ஒரு பத்தி கொடுப்பார். அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுத வேண்டும். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்து, அவளுடையதை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு செக்லிஸ்ட் வரும். பத்தியில் உள்ள ஆறு முக்கியக் குறிப்புகள் அதில் பத்தியின் வரிசையிலேயே இருக்கும். குறிப்பு இருந்தால் டிக். விட்டுப்போயிருந்தால் ஒரு வட்டம். அடியில் திருத்தியவள் கையெழுத்து. தாள் திரும்பி வந்ததும், விட்டதைப் பச்சைப் பேனாவால் சேர்த்து எழுதி ஐயாவிடம் நீட்ட வேண்டும்.

முதல் வாரம் நானும் சிந்துஜாவும் படிக்காமலே ஆறுக்கு ஆறு டிக் போட்டுக்கொண்டோம். ஐயா இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் அவ்வளவு பெரிய புலவர்களா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆளுக்கு ஒரு குறிப்பை வேண்டுமென்றே விட்டுவிடுவது. மற்றவள் அதற்கு மட்டும் வட்டம் போடுவது. எதை விடுவது என்று தினமும் பேசி முடிவு செய்ய முடியாதே, அதனால் கிழமைக் கணக்கு. திங்களுக்கு ஒன்றாவது குறிப்பு, செவ்வாய்க்கு இரண்டாவது, இப்படியே வெள்ளிக்கு ஐந்தாவது.

ஐயா மயங்கிப்போனார். திருத்துவது என்றால் இப்படித் திருத்த வேண்டும் என்று எங்கள் தாள்களை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். கீர்த்தனாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மூன்று வாரம் ராஜ வாழ்க்கை.

ஐந்தாவது வாரம் புதன்கிழமை சிந்துஜா வரவில்லை. வருமானச் சான்றிதழ் விஷயமாக அவள் அம்மாவோடு தாலுகா ஆபீஸ் போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்து ஐயா எங்கள் பழைய தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“திங்கக்கிழமைன்னா ஒண்ணு காணோம். செவ்வாக்கிழமைன்னா ரெண்டு காணோம். மூணு வாரமா இதே கதை. நாளைக்கு வியாழன். நாலு காணாம போச்சுன்னா ஆளுக்கு ஒரு பெஞ்சு, புரிஞ்சிதா?”

சாயங்காலம் எங்கள் ஊர் வேங்கிக்காலில் போய் இறங்கியதும் நேரே சிந்துஜா வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. சரி, காலையில் பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் பஸ்ஸைத் தவறவிட்டாள் மகாராணி. ஐயா பத்தித் தாளைக் கொடுத்து முடித்த பிறகு மூச்சிரைக்க ஓடிவந்து உட்கார்ந்தாள். எழுதும்போது யாராவது வாய் திறந்தால் தொலைந்தது, அது ஐயாவின் சட்டம்.

அன்றைய பத்தி, குரங்குகள் மலையிலிருந்து ஊருக்குள் ஏன் இறங்குகின்றன என்பது. நாலாவது குறிப்பு, ‘பக்தர்கள் தின்பண்டம் கொடுத்துப் பழக்குகிறார்கள்.’ நான் சிந்துஜாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று அர்த்தம். அவள் ரொம்பப் பரிவாகப் பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்து என் பக்கம் தள்ளினாள். எனக்குத் தலைவலியாம். அந்த பாட்டிலாலேயே அவள் மண்டையில் போடலாம் போல இருந்தது.

நான் என் தாளில் நாலாவது குறிப்பை நல்ல பெரிய எழுத்தில் எழுதினேன். ஒரு முறைக்கு மூன்று முறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். என் பங்குக்காவது சுத்தமாக இருக்கட்டும்.

மாற்றிக்கொள்ளும் நேரம் வந்தது. அவள் தாளைப் படித்தேன். நினைத்தது சரி, நாலைக் காணோம். வட்டம் போட்டால் கீர்த்தனா பக்கத்து இடம். டிக் போட்டால், ஐயா பார்த்ததும் பொய் தெரிந்துவிடும். ஒரே வழிதான் இருந்தது. மூன்றாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவே, அவள் எழுத்து மாதிரியே குண்டு குண்டாக, ‘பக்தர்கள் தின்பண்டம் கொடுத்துப் பழக்குகிறார்கள்’ என்று நுணுக்கி எழுதி, நிம்மதியாக டிக் போட்டேன். மற்ற ஐந்தும் அவளே ஒழுங்காக எழுதியிருந்தாள். ஆறு டிக், அடியில் என் கையெழுத்து.

அந்தப் பக்கம் அந்தப் புண்ணியவதி என்ன செய்தாள்? என் தாளைக் கண்ணெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று டிக். நாலுக்கு அழகாக ஒரு வட்டம். ஐந்து, ஆறு டிக்.

தாள் என் கைக்கு வருவதற்குள் ஐயா வந்து இரண்டையும் பிடுங்கிக்கொண்டார். நிதானமாகப் படித்தார். என் தாளில் நாலாவது குறிப்பின் மேல் விரலை வைத்து, இது இங்கே தேங்காய் மாதிரி கிடக்கிறதே, எப்படி இல்லை என்று வட்டம் போட்டாய் என்று சிந்துஜாவைக் கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். திருதிருவென்று விழித்தாள். நான் பெஞ்சுக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

“இன்னிக்கு வியாழக்கிழமை, ஐயா,” என்றாள்.

வகுப்பே சிரித்தது. ஐயாவுக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார். பிறகு அவள் தாளை எடுத்து, வரிக்கு நடுவே நான் செருகியதைப் பார்த்தார். சிந்துஜா எழுதியது முழுக்கக் கறுப்புப் பேனா. நான் எழுதியது நீலம். எழுத்தைத் திருடத் தெரிந்த எனக்கு மையைப் பார்க்கத் தெரியவில்லை. எழுதியது இல்லையாம், எழுதாதது இருக்கிறதாம், நல்ல ஜோடி என்றார் ஐயா. பீரியடு முடிந்து மணி அடித்தது. என் பை கீர்த்தனா பக்கத்துக்குப் போனது. அரையாண்டுத் தேர்வு வரைக்கும் அங்கேதானாம்.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம், வேறு சீட்டு இல்லை. கடைசியில் நான்தான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தேன். மூன்று வாரமாகக் கண்ணை மூடிக்கொண்டே வட்டம் போட்டாயே, ஒரு தடவையாவது நான் எழுதியதைப் படித்தாயா, இன்றைக்கு எவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தேன் தெரியுமா என்று பொரிந்து தள்ளினேன். எனக்கு அழுகை வந்தால் கோபமும் ஜாஸ்தியாகும்.

“நீ சொன்னா சரியாதான் இருக்கும்னு நம்பிட்டேன்டி. அதான் படிக்கல,” என்றாள் சிந்துஜா.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் என் பையைத் திறந்து ஐயா திருப்பித் தந்திருந்த என் தாளையும் செக்லிஸ்ட்டையும் எடுத்தாள். மடியில் வைத்து விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாள். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை எடுத்து, ஆறுக்கு எதிரே இருந்த டிக்கை அடித்துவிட்டு, வட்டம் போட்டாள்.

“குப்பைத் தொட்டிய மூடி வைக்கணும்னு ஆறாவது பாயிண்ட்டு. எங்கடி எழுதியிருக்க?”

வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தேன். நாலைக் காவல் காத்த அவசரத்தில் ஆறைக் கோட்டை விட்டிருந்தேன். நாலோடு மல்லுக்கட்டிய ஐயாவும் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பாவி சொன்னதுதான் சரி.

கையை நீட்டினேன். சிந்துஜா பச்சைப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.