அமுதம் எண்ணிய பத்து

அமுதத்துக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் சாமிநாதன் தொடங்கிய பேச்சையெல்லாம் அவள்தான் முடித்து வைத்தாள். அந்த மனுஷனும் அதற்குப் பழகிவிட்டார். போன தை மாதம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் ஒருசேர முடக்கிப் போட்டது.

கை கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து கொடுத்தது. பேச்சுதான் வரவில்லை. எதைக் கேட்டாலும் 'சரி' என்ற ஒரே சொல்தான் வந்தது. காபி வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் ஸ்டெல்லா விளக்கிச் சொன்னாள். "அவருக்குப் புத்தி தெளிவா இருக்கும்மா. வார்த்தைதான் சிக்கிக்கிது. காது நல்லா கேக்குது, கத்தாதீங்க. டிவிய நிறுத்திட்டு, சின்னதா ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அப்புறம் மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. படம், ஜாடை, எழுத்து, எதுல சொன்னாலும் பதில்தான். சரின்னுட்டாருன்னு வுட்டுடாதீங்க, மாத்திக் கேட்டுப் பாருங்க."

எல்லாம் செய்தாள் அமுதம், அந்தப் பத்தைத் தவிர. நாலு எண்ணுவதற்குள் நாக்கு நமநமக்கும், பதிலையும் அவளே சொல்லிவிடுவாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருபுவனையில் கம்பெனி வேலை பார்க்கும் மகன் ராஜ்மோகன் வந்திருந்தான். அவன் போட்ட டிவி அலறிக்கொண்டிருந்தது. அப்பாவின் காதருகே குனிந்து ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

"நைனா, இனிமே நெல்லு யாரு பாக்கறது? ஏரியோரக் கழனில சவுக்கு வச்சிடலாம். நாலு வருசத்துக்கு ஆள் தேட வேணாம். நர்சரி அன்புராஜ் நாளைக்கே சவுக்குக் கன்னு எறக்குறேன்றாரு. சரிதான?"

"சரி" என்றார் சாமிநாதன்.

"பாத்தியாம்மா, நைனாவே ஒத்துக்கிச்சு!"

சாமிநாதன் இடது கையால் கட்டிலை ஓங்கி அடித்தார். "சரி, சரி" என்றவரின் கண் கலங்கிவிட்டது. ஆயுசு முழுக்க அவர் பாடுபட்ட கழனி. அவர் வாயிலிருந்து தப்பி விழுந்த ஒரு சொல்லால் சவுக்குத் தோப்பாகிப் போக இருந்தது.

அமுதம் டிவியை அணைத்தாள். ஏரியோரக் கழனி போக, மேட்டில் ஒரு புன்செய்க் கொல்லையும் அவர்களுக்கு இருந்தது. காலண்டர் தாள்களைக் கிழித்து, கழனி, கொல்லை, நெல், சவுக்கு என்று பெரிதாக எழுதினாள். பக்கத்தில் தனக்குத் தெரிந்த மாதிரி கதிரும் மரமும் வரைந்தாள். அவர் முன்னால் பரப்பினாள்.

"இன்னாங்க, சவுக்க எங்க வைக்கலாம்?"

எண்ணத் தொடங்கினாள். ஆறில் ராஜ்மோகன் வாயைத் திறந்தான். தொடையில் கிள்ளினாள். ஒன்பதில் இடது கை நகர்ந்தது. சவுக்குத் தாளை எடுத்துக் கொல்லையின் மேல் வைத்தார். நெல்லைக் கழனியின் மேல் வைத்தார்.

அமுதம் வேண்டுமென்றே இரண்டையும் மாற்றி வைத்தாள். "இப்பிடியா?"

சாமிநாதன் அவளை முறைத்துவிட்டுப் பழையபடி வைத்தார். அந்த முறைப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் நைனா?" என்றான் ராஜ்மோகன். இப்போது கத்தவில்லை. பென்சிலை நீட்டிவிட்டுக் காத்திருந்தான். சாமிநாதன் கோணல்மாணலாகச் சின்னச் செடிகளை வரைந்து, அவற்றின் தலைக்கு மேலே அலையலையாகக் கோடு இழுத்தார்.

"தண்ணியா? ஐப்பசி மழைக்குக் கழனில தேங்கி நின்னா கன்னு அழுவிடும்றியா?"

அவர் மகனின் தோளைத் தட்டினார். மேட்டுக் கொல்லையில் தண்ணீர் நிற்காது. ஓடியாடி உழைத்தவருக்குத் தெரிந்தது, செல்போனில் கணக்குப் போட்டவனுக்குத் தோன்றவில்லை.

"நெல்லுக்கு ஆளு?" என்று கேட்டான். அவர் மகனின் போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளி, நடவுக்கு ஆள் கூட்டி வரும் காசம்மாளின் முகத்தில் விரலை வைத்தார். ராஜ்மோகன் தலை குனிந்தான். "மன்னிச்சிடு நைனா. உன்னக் கேக்காமயே முடிவு பண்ணிட்டேன்."

மறுநாள் காலையில் அன்புராஜ் வண்டியோடு வந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சாமிநாதனைத் தாண்டி, நேராக அமுதத்திடம் கேட்டார். "அண்ணி, கன்ன எங்க எறக்கணும்?"

பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக நின்றது. விழுங்கினாள்.

"அண்ணன் எதுருலதான உக்காந்திருக்காரு. அவரையே கேளுங்க."

அன்புராஜ் திகைத்துப்போய்த் திரும்பினார். "எங்கண்ணே எறக்கறது?"

அமுதம் உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். பத்து வந்தது. அதற்கு மேலும் எண்ணினாள். பதினாலில் சாமிநாதன் சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த இரண்டு காலண்டர் தாள்களை எடுத்தார். ஒன்றன் மேல் ஒன்றாக மடியில் வைத்து அன்புராஜிடம் காட்டினார்.

"கொல்லைலயாண்ணே?"

சாமிநாதன் கட்டை விரலை உயர்த்தினார். அன்புராஜ் வண்டியைக் கொல்லைப் பக்கம் திருப்பினார்.