கை போகாத மூலை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்துவது என் வேலை. நாள் முழுக்க அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? என் கணவர் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவதைக்கூட நான் திருத்திவிடுவேன். அதனால் இப்போதெல்லாம் அவர் எதுவானாலும் போனில்தான் சொல்கிறார்.

அணைகளையும் பாலங்களையும் சோதிக்கும் நிறுவனம் எங்களுடையது. தண்ணீருக்கடியில் போய்ப் பார்ப்பவனை நாங்கள் நீர்க்காக்கை என்று கூப்பிடுவோம். நல்ல கறுப்பு, நீளக் கழுத்து, வாயோ ஓயாது. அன்று காலை அவன் எழுதிய அறிக்கை என் மேஜைக்கு வந்தது.

அணையின் இரும்புக் கதவு மூடியிருந்தும் மறுபக்கம் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கதவின் விளிம்பில் தண்ணீரை அடைக்கும் ரப்பரில் எங்கே ஓட்டை என்று பார்க்க அவன் இறங்கியிருந்தான். பழுது பார்க்க வேறு நாட்டிலிருந்து மூன்று முக்குளிப்பவர்கள் வந்திருந்தார்கள். மறுநாள் காலை அவர்கள் இறங்க வேண்டும். அவர்கள் கையில் இருக்கப்போவது இந்த அறிக்கை மட்டும்தான்.

“மொழியை மட்டும் சரி பண்ணுங்க. தகவல்ல கை வைக்காதீங்க,” என்றார் மேலாளர்.

“இத்தனை வருஷமா நான் என்ன மாவாட்டிட்டா இருக்கேன்?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அறிக்கையைப் படித்ததும் தலை சுற்றியது. வினைச்சொல் ஒரு பக்கம், எழுவாய் ஒரு பக்கம். ‘மேல் இடது மூலை, கை போனது, ஒன்றும் தட்டுப்படவில்லை. மேல் வலது மூலை, கை போனது, ஒன்றும் தட்டுப்படவில்லை. கீழ் இடது மூலை, கை போனது, ரப்பர் கிழிசல், நாற்பது சென்டிமீட்டர். கீழ் வலது மூலை, கை போகவில்லை.’ இதே பாணியில் இரண்டு பக்கம்.

பிற்பகலுக்குள் அதை ஒரே பக்கமாக்கினேன். கீழ் இடது மூலையில் நாற்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு ரப்பர் கிழிந்திருப்பதாக ஒரு வாக்கியம். மற்ற இடங்களில் சேதம் எதுவும் காணப்படவில்லை என்று இன்னொன்று. ஒவ்வோர் எண்ணையும் பழைய பிரதியோடு விரல் வைத்து ஒப்பிட்டேன். ஒன்றும் மாறவில்லை. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

எழுதியவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் எதையும் அனுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நீர்க்காக்கையைக் கூப்பிட்டேன். அவன் எதிரில் உட்கார்ந்து, உதடு அசைய அசையப் படித்தான். முடித்ததும் மறுபடி முதல் வரிக்கே போனான்.

“என்னப்பா, பிடிக்கலையா?”

“அழகா இருக்குக்கா. ஆனா இதுல ஒரு மூலையைக் காணோம்.”

“எந்த மூலை? எல்லாம் இருக்கு. ‘மற்ற இடங்கள்’னு போட்டிருக்கேன் பாரு.”

“நான் கை போகலைன்னு எழுதினேன். நீங்க சேதம் இல்லைன்னு எழுதிட்டீங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். எண்களை எல்லாம் காவல் காத்துவிட்டு, அவன் தொடாத இடத்தைத் தொட்டதாக ஆக்கியிருக்கிறேன். இந்தக் காகிதத்தை நம்பி நாளைக்கு ஒருவர் அந்த மூலைக்குப் போவார்.

“கண்ணால பார்த்திருப்பேல்ல?” என்றேன், ஏதோ ஒரு நப்பாசையில்.

“பார்க்கிறதா? அங்க சேறு கலங்கிடுச்சுன்னா முகத்துக்கு நேரா விளக்கைப் பிடிச்சாலும் விளக்கே தெரியாதுக்கா. எல்லாம் கைதான். கை போன இடம் வரைக்கும்தான் உலகம். அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன்.”

பழைய பிரதியை மறுபடி எடுத்தேன். காலையில் கல்லும் மண்ணுமாகத் தெரிந்த அதே வரிகள். ஒவ்வொன்றும் அவன் விரல் நின்ற இடத்தில் நின்றிருந்தது. ஒரு அங்குலம்கூடத் தாண்டவில்லை. அந்த இருட்டில், தலைக்கு மேல் அவ்வளவு தண்ணீரோடு ஒருவன் இவ்வளவு உண்மையாக இருந்திருக்கிறானே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“ஏன் போகலை?” என்று கேட்டேன்.

அவன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். “யார்கிட்டயும் சொல்லாதீங்க. முன்னாடி ஒரு குச்சியை நீட்டிக்கிட்டே போவேன். நுனியில துணி கட்டியிருக்கும். குச்சியைக் கையால தடவிப் பார்த்தா, துணி எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும். அந்த மூலை கிட்ட போனப்ப துணி அந்தப் பக்கமா சாஞ்சுது. திரும்பிட்டேன்.”

“இதை ஏன் எழுதலை?”

“தண்ணி உறிஞ்சுதா, இல்ல நானே காலை உதைச்சதுல துணி ஆடுச்சா, நிச்சயமா தெரியலையே. தெரியாததை எப்படி எழுதுறது? பயந்துட்டு வந்துட்டான்னுதான் சொல்வாங்க.”

இந்த இடத்தில் எனக்குப் பழைய கோபம் வந்தது. நல்ல வேளை வந்தது. “அட மண்டு, ஏன் சாஞ்சுதுங்கிறதுதான் உனக்குத் தெரியாது. சாஞ்சுதுங்கிறது தெரியுமில்ல? அது தகவல். அதை எழுது. காரணத்தை எழுதாதே.”

அவன் வாயைப் பிளந்தான். “அப்படிப் பிரிச்சு எழுதலாமாக்கா?”

“எழுதலாமாவாவது? அதுதான் எழுத்து. ஆனா நான் எழுதக் கூடாது. நான் சேர்த்தா அது என் தகவலாயிடும். நீயே தட்டு.”

நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன். இரண்டு விரலால் நெடுநேரம் தட்டினான். நான் என் அழகான வாக்கியங்களை எல்லாம் அழித்துவிட்டு, நான்கு மூலைகளுக்கும் நான்கு வரி தனித்தனியாக வைத்தேன். படிக்கப்போகிறவர்களுக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான் என்பது அப்போதுதான் உறைத்தது. சின்ன வாக்கியங்களாக்கினேன். தெரிந்த சொற்களையே போட்டேன்.

அவன் தட்டி முடித்தது இது: ‘துணி மூலைக்குச் சாய்ந்தது. ஏன் தெரியாது. நான் போகவில்லை. நீயும் போகாதே.’

“இதுல தப்பு இருக்காக்கா?”

“இருக்கு. இருக்கட்டும்.”

மறுநாள் காலை நானும் அணைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. முக்குளிக்க வந்த மூவரில் மூத்தவர் கவச உடையில் உட்கார்ந்து அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டார். தம் ஆட்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் ஒரு மணல்மூட்டையைக் கயிற்றில் கட்டி, அந்த மூலையை நோக்கி இறக்கினார்கள்.

கயிறு கொஞ்ச நேரம் தளர்வாகத்தான் இருந்தது. ‘ஐயோ, வீணாக மிரட்டிவிட்டோமோ’ என்று நினைத்தேன். அடுத்த கணம் அது விறைத்து, கம்பியாக நின்றது. மூன்று பேர் இழுத்தார்கள். நீர்க்காக்கையும் போய்ப் பிடித்தான். அசையவே இல்லை. மேலே தண்ணீரில் ஒரு சுழி இல்லை, ஒரு சத்தம் இல்லை; வானம் அதில் அப்படியே விழுந்து கிடந்தது. அத்தனை அமைதிக்கு அடியில் நான்கு ஆட்களை மதிக்காத ஒரு வாய் திறந்திருந்தது. பயம் என்று சொல்ல முடியாது. கும்பிடத் தோன்றியது.

கடைசியில் கயிற்றை அறுத்துவிட்டார்கள். மறுபக்கத்துத் தண்ணீரையும் ஏற்றி, இரு பக்கமும் சமமாகி இழுப்பு நின்ற பிறகுதான் இறங்குவது என்று முடிவாயிற்று.

மூத்தவர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து போனை எடுத்தார். அவர் பேசியதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. மறுமுனையில் ஒரு குழந்தை கத்திச் சிரித்தது. அவர் என்ன சொன்னாரோ, அது இன்னும் பலமாகச் சிரித்தது.