கதவு எண்ணோடு இருபத்திமூன்று கையெழுத்து

2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை காலை, விழுப்புரம்–திண்டிவனம் சாலையை ஒட்டிய ஒரு நகராட்சியின் தபால் பிரிவில் கலைமகள் நகர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் கடிதம் பெறப்பட்டு முத்திரை இடப்பட்டது. பருவமழைக்கு முன் மூன்றாவது குறுக்குத் தெருவின் வடிகாலைத் தூர்வாரித் தருமாறு ஆணையரைக் கேட்ட கடிதம். கூடவே, கதவு எண்ணோடு இருபத்திமூன்று கையெழுத்து.

கதவு எண்ணைச் சேர்க்கச் சொன்னவர் சங்கத் தலைவர் கோதண்டபாணி. "வெறும் கையெழுத்துன்னா எவனோ போட்டதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. நம்பர் இருந்தாத்தான் மதிப்பு" என்றார்.

கடைசிக் கையெழுத்து இருபத்திமூன்றாம் எண் சவுரியம்மாளுடையது. தெரு அவள் வீட்டை நோக்கித்தான் சரிகிறது. போன வருஷப் புயலில் இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. வாதத்தில் கைகால் விழுந்து கிடக்கும் அவள் கணவர் தேவசகாயத்தை, கழற்றிய கதவில் படுக்க வைத்துத் தூக்கிப்போனார்கள். அதனால் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: வாசல்களில் வடிகால்மேல் போட்ட கான்கிரீட்டை எடுத்தால்தான் மண்ணை அள்ள முடியும். செயலாளர் பிரபாவதி எழுதினாள். கோதண்டபாணி அந்த வரியை அடித்துவிட்டார்.

பத்தாம் நாள் துப்புரவு ஆய்வாளர் நெடுஞ்செழியன் மண்வெட்டிகளோடு இரண்டு தொழிலாளர்களை அழைத்துவந்தார். சவுரியம்மாள் வீட்டு முன் வடிகால் திறந்து கிடந்தது. அரை மணி நேரத்தில் அள்ளிவிட்டார்கள். மேலே இருபத்திரண்டு வாசலிலும் வண்டி ஏற்றப் போட்ட சாய்தளம். கோதண்டபாணி வாசலில் மட்டும் இருபது அடி நீளம், மேலே டைல்ஸ்.

"இத்த எப்படி சார் அள்றது?" என்றார் ஆய்வாளர்.

"அந்தக் கடைசில தொறந்துதானே கெடக்குது? ஒரு ஆள உள்ள எறக்குங்க. குனிஞ்சி போய்க்கினே வாரிட்டு வருவான்" என்றார் கோதண்டபாணி.

தொழிலாளி ராஜ்குமார் மண்வெட்டியைக் கீழே போட்டான். "நீ மொதல்ல எறங்கு சார். பின்னாலேயே நான் வர்றேன்."

"இன்னாய்யா, மரியாதையா பேசு."

"மரியாதையா கூப்புட்டா மட்டும் எறங்கிடுவியா?"

"ஆள எறக்கினா என் வேலை போயிடும், நானே ஜெயிலுக்குப் போவணும்" என்றார் ஆய்வாளர். கோப்பிலிருந்து சங்கத்தின் கடிதத்தை எடுத்தார். கையெழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் சாய்தளத்தின் நீளத்தை எழுதினார். எண்ணைத் தேட வேண்டிய வேலையே அவருக்கு இல்லை.

அடுத்த வாரம் இருபத்திரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. ஏழு நாளில் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். இல்லையேல் நகராட்சி இடித்து, செலவை வசூலிக்கும்.

அன்று மாலையே கோதண்டபாணி வீட்டு மாடியில் கூட்டம்.

"கடுதாசி போட்டு நாமளே பேஜாரு வாங்கிக்கினோம்" என்றார் அரிசிக்கடை வெங்கடாசலம். "கார எங்க நிறுத்துறது?"

கோதண்டபாணி தட்டச்சு செய்த தாளை வைத்தார். வடிகால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவும், முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகவும் அதில் இருந்தது.

சவுரியம்மாள் எழுந்தாள். "தீந்துபோச்சா? யார் வூட்ல தீந்துச்சி தலைவரே?"

"உன் வாசல்லதான் அள்ளிட்டாங்களேம்மா."

"என் வாசல்ல அள்ளினா மேல இருந்து வர்ற தண்ணி எங்க போவும்? ரோட்டு மேல ஏறி என் வூட்டுக்குத்தான் வரும். போன வருசம் கதவுல தூக்கினு போனப்ப நீங்க மாடில நின்னு செல்போன்ல படம் எடுத்தீங்க. அந்தப் படத்தத்தான் கடுதாசியோட ஒட்டி அனுப்பிச்சீங்க. எம் புருசன் ஒடம்பு ஒங்களுக்கு மனுவுக்கு மட்டும் ஒதவும், டைல்ஸ ஒடைக்க ஒதவாது."

பிரபாவதி தாளை நீட்டினாள். "அக்கா, எல்லாரும் போட்டாத்தான்…"

"போடமாட்டேன். அன்னிக்கி அடிச்ச வரிய எழுது, போடறேன்."

எழுதவில்லை. மற்ற இருபத்திரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். இந்த முறை கதவு எண் இல்லை.

திங்கட்கிழமை தேவசகாயத்தைப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியிடம் விட்டுவிட்டு, சவுரியம்மாள் பஸ் ஏறி விழுப்புரம் போனாள். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று தன் பெயரில் மனு கொடுத்தாள். மனு நகராட்சிக்கே அனுப்பப்பட்டது. நோட்டீஸின் ஏழு நாள் கெடு முடிந்தது. இடிக்க யாரும் வரவில்லை.

அக்டோபர் 17 அன்று பதில் வந்தது. சம்பந்தப்பட்ட சங்கமே பிரச்சினை தீர்ந்ததாகக் கடிதம் அளித்திருப்பதால் மனு முடித்துவைக்கப்பட்டது.

அக்டோபர் 22 அதிகாலை மழை பிடித்தது. ஒன்பது மணிக்கு இருபத்திமூன்றாம் எண் வீட்டுக்குள் இரண்டடித் தண்ணீர். தேவசகாயத்தைக் கதவில் வைத்து நகராட்சிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள்.