சும்மா வா

அந்தத் தெருவில் அவளுக்குப் பார்லர் அக்கா என்று பெயர். அவளைவிட மூத்த பெண்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தரிக்கோலைக் கையில் வைத்திருப்பவளிடம் மரியாதையாக நடந்துகொள்வதுதானே புத்திசாலித்தனம். "ஏய் கத்திரி" என்று அதட்டிக் கூப்பிடும் உரிமை ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. அந்த ஒருத்திக்கு இவள் வைத்த பெயர் ரேடியோ. ஏன் என்று கேட்கவே வேண்டாம், வாயைத் திறந்தால் மூடமாட்டாள்.

இருவரும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். பார்லர் அக்கா தொழில் பழகியதே ரேடியோவின் தலையில்தான். முதல் தடவை ஒரு பக்கம் காதோடும் மறுபக்கம் தோளோடும் நின்றது. "பரவாயில்லடி, முடிதானே, வளரும்" என்று சொல்லிவிட்டு ரேடியோ தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தத் தலையை வேறு யாரும் தொட்டதில்லை. மாதம் தவறாமல் வருவாள். வெட்டுவதற்கு அரை மணி நேரம் ஆகும், பேச்சு முடிய சாயங்காலம் ஆகிவிடும்.

பிறகு ரேடியோவின் இன்ஷூரன்ஸ் ஆபீசை ஊரின் மறுகோடிக்கு மாற்றினார்கள். மாதம் ஒருமுறை வந்தவள் எப்போதாவது வந்தாள், அப்புறம் அதுவும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது வழக்கமாக வரும் போன், குரல் பதிவாக மாறியது. குரல் பதிவு இரண்டு வரியாகி, இரண்டு வரி கட்டைவிரல் படமாகிவிட்டது. "கண்டிப்பா பார்க்கலாம்டி" என்று மட்டும் அவ்வப்போது வரும். கிழமை சொல்லமாட்டாள். இவள் கிழமை சொன்னால் அன்றைக்கென்று ஏதாவது வேலை முளைக்கும்.

சண்டை என்று ஒன்று நடந்திருந்தால்கூடத் தேவலை, சமாதானம் பேச ஆள் அனுப்பலாம். இங்கே யார் யாரிடம் என்ன பேசுவது? நாமாகக் கூப்பிடாமல் இருந்தால் அவள் கூப்பிடுகிறாளா பார்ப்போம் என்று இவளும் வீம்பாக இருந்து பார்த்தாள். அந்தப் பக்கம் அது யாருக்கும் தெரிந்த மாதிரியே இல்லை.

ஒருநாள் புருவம் திருத்த வந்த ஒரு பெண், "உங்க சிநேகிதியோட பையன் வெளியூருக்கு வேலைக்குப் போயிட்டானாமே, வீடே வெறிச்சுன்னு இருக்காம்" என்றாள்.

பார்லர் அக்காவின் கையில் நூல் அறுந்தது. பிறந்த முடியை இவள் மடியில் வைத்து எடுத்த பையன். அவன் ஊரைவிட்டுப் போனதை மூன்றாம் மனுஷி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வயிற்றெரிச்சலில் அன்றைக்கே வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போன் செய்தாள்.

"பையன் போயிட்டானாமே."

"சொல்லணும்னு இருந்தேன்டி. ஞாயித்துக்கிழமை வரேன். நிச்சயமா வரேன்."

வந்தாள். பழக்கதோஷத்தில் நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். பார்லர் அக்கா துணியைப் போர்த்தி, கொண்டையை அவிழ்த்து, சீப்பைப் போட்டதுமே கை நின்றுவிட்டது.

ரேடியோவுக்கு உச்சியில் ரெட்டைச் சுழி. ரெண்டு கல்யாணம் ஆக வேண்டியவள் ஒன்றோடு ஏமாந்துவிட்டாள் என்று கேலி செய்வார்கள். அந்தச் சுழி மேல் முடியைக் குறைத்தால் புல் மாதிரி தூக்கி நிற்கும். அதனால் இவள் எப்போதும் அங்கே தொடாமல் நீளமாக விட்டுவிடுவாள். இப்போது அங்கே கத்தரி பட்டிருந்தது. சுழி ஓடும் திசையிலேயே நுனியை மட்டும் மெலிதாக்கி, தூக்காமல் படிய வைத்திருந்தார்கள். ஒரு தடவை வெட்டியதில் வரும் படிவு இல்லை இது. ஒரே கை, திரும்பத் திரும்ப வெட்டியிருக்கிறது.

"யாருடி வெட்டினா?"

கண்ணாடியில் ரேடியோ முகம் திருட்டுப் பூனை முகமானது.

"ஆபீஸ் பக்கத்துல ஒரு கடை. ஒருநாள் அவசரத்துக்குப் போயிட்டேன். உன்கிட்ட வந்தா பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவே, கொஞ்சம் வளரட்டும்னு இருந்தேன். வளர்றதுக்குள்ள மறுபடியும் வெட்ட வேண்டியதாப் போச்சு."

"அதுக்காக ஒரு போன்கூடவா பண்ணக் கூடாது?"

"பண்ணினா எப்போ வரேன்னு கேப்பியே."

பார்லர் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா? நாம் என்ன தப்புச் செய்தோம், எந்த வார்த்தை சுட்டது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோமே. ரேடியோவும் சிரித்தாள். கண் கலங்கும்வரை சிரித்தார்கள். அப்புறம் ரேடியோ பையனைப் பற்றிச் சொன்னாள், சுருக்கமாக. ஆபீஸ் கதை சொன்னாள். முன்பெல்லாம் "அந்த மூக்கி" என்றால் போதும், இவளுக்கு முழுக்கதையும் விளங்கும். இப்போது ஒவ்வொரு ஆளையும் யார், எந்தப் பிரிவு என்று விளக்க வேண்டியிருந்தது. பாதியில் ரேடியோ, "அது பெரிய கதை, விடு" என்றாள். சிரிப்பெல்லாம் அடங்கி, மழை வருமா என்று பேசினார்கள்.

ஆனாலும் பார்லர் அக்காவின் மனசு லேசாகியிருந்தது. குறுக்கே நின்றது இந்த முடிதான். அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது. சீப்பைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணல. நல்லா வெட்டியிருக்கா அந்தக் கடைக்காரி. அந்தச் சுழியை எனக்கே இத்தனை வருஷமா அடக்கத் தெரியல. நீ அங்கயே வெட்டிக்கோ. என்னைப் பார்க்க மட்டும் சும்மா வா."

"நெஜமாவா? கோவம் இல்லியே?"

"கோவமா? போடி."

துணிக்கு அடியில் ரேடியோவின் தோள் தளர்ந்தது. போகும்போது கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இனிமே அடிக்கடி வரேன்டி, பாரேன்" என்றாள். பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் அது உண்மைதான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பார்லர் அக்கா மதியத்துக்குமேல் யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. ஒருவாரம் விருந்தாளி என்று செய்தி வந்தது. ஒருவாரம் உடம்பு அசதி. அப்புறம் செய்தியும் வரவில்லை. இவளும் ஞாயிறு மதியங்களில் வழக்கம்போல் வேலை பார்க்க ஆரம்பித்தாள்.

மழைக்காலம் முடிந்தபின் மருந்துக்கடை வாசலில் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். ரேடியோ ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம் நிஜமாகவே இருந்தது. பார்லர் அக்காவின் கண் தானாக உச்சிக்குப் போனது. அந்த வாரம்தான் வெட்டியிருக்கிறாள், அழகாகத்தான் இருக்கிறது. மாமியாரின் சர்க்கரை, பையனின் சம்பளம் என்று எல்லாம் பேசினார்கள். பஸ் வந்தது. "கண்டிப்பா வரேன்டி" என்று ஏறினாள். எப்போது என்று இவள் கேட்கவில்லை.

கடைக்குத் திரும்பியபோது கணவர் ஏணியில் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ரேடியோவைப் பார்த்ததைச் சொன்னாள்.

"இதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வெச்சுக்கறே? ஒரு போன் போட்டு வரச் சொல்லேன்."

"எதுக்குன்னு வரச் சொல்றது?"

"எதுக்குன்னா? உன்னைப் பார்க்கத்தான்."

"என்னைப் பார்க்க அவ என்னிக்குங்க வந்தா? முடி வெட்டிக்க வந்தா, வந்த இடத்துல பேசினா. நானும் அப்படித்தான், வெட்டிக்கிட்டே பேசினேன். அது ஒண்ணுதான் அவளை இங்க கூட்டிட்டு வந்துச்சு. அதையும் நானே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவர் ஏணியை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பார்லர் அக்கா கதவைச் சாத்திவிட்டு, வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். இழவு வீட்டில்கூட அவள் அப்படி அழுததில்லை. யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய்த் திறந்தாள். புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி நின்றிருந்தாள். நாற்காலியில் உட்கார வைத்து, துணியைப் போர்த்தி, எவ்வளவு குறைக்கணும் என்று கேட்டாள்.